எங்கள் வகையறாவுக்கு ஆகாத மாத்திரை

எங்கள் வகையறாவுக்கு மூன்று காரியம் ஆகாது. கறுப்புச் சேவல் வளர்க்கக் கூடாது. வாசலில் முருங்கை வைக்கக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடக் கூடாது. முதல் இரண்டும் எப்படி வந்தன என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மூன்றாவது வந்தது என் பெரியப்பாவால். நான் பிறப்பதற்கு முந்தின கதை. அவருக்கு வெகுகாலமாக மூச்சு இழுப்பு. ஒருநாள் மண்டையிடி தாங்காமல் பெட்டிக்கடை மாத்திரை ஒன்றைத் தின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு முற்றி, கடமலைக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். கோடாங்கியிடம் குறி கேட்டார்களாம். அந்த மாத்திரை உங்கள் வகையறாவுக்கே ஆகாது, சாமிக்குப் பிடிக்கவில்லை என்று அவன் உடுக்கையை அடித்துச் சொல்லிவிட்டான். அன்றையிலிருந்து பங்காளிகள் யார் வீட்டிலும் அது கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுவோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டிக்கொடுத்த பெண்களுக்கு இந்தத் தடை கிடையாது. அவர்கள் புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விடுகிறார்கள் அல்லவா, அதனால் மாத்திரையும் அவர்களை ஒன்றும் செய்யாதாம். ஆனால் எங்கேயோ பிறந்து எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த என் மனைவிக்கு ஆகாது. தாலி ஏறினதும் உடம்பு மாறிவிடும் போலிருக்கிறது. இதைச் சொல்லி நான் வாயாடியிருக்கிறேன். ஆனால் மீறிப் பார்த்ததில்லை. எதற்கு வம்பு என்றுதான்.

ஆண்டிபட்டியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. நாள் முழுக்கக் குனிந்தே வேலை. இடுப்பு வலித்தால் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். அது மஞ்சள் மாத்திரை, ஆஸ்பிரின் இல்லை, ஆகையால் சாமிக்கு ஆட்சேபணை இல்லை. வயது ஐம்பத்திரண்டு. பீடி விட்டாயிற்று. கோபம் விடவில்லை.

பேத்திக்குக் காது குத்து என்று குலசாமி கோயிலுக்குப் போயிருந்தோம். மலையடிவாரம். தார் ரோட்டை விட்டு இறங்கி, ஆற்று மணலைத் தாண்டி, இலந்தை முள்ளுக்கு நடுவே வண்டித்தடத்தில் போக வேண்டும். பங்காளிகள் எல்லாம் வேனிலும் மினி லாரியிலும் வந்து இறங்கிவிட்டார்கள். பூசாரி எங்கள் அண்ணன்தான். செத்துப்போன பெரியப்பாவின் மகன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருக்கும் அப்பாவைப் போலவே இழுப்பு உண்டு. மூக்கிலே சதை வளர்ந்து இரண்டு தடவை ஆபரேஷன் ஆயிற்று. பொங்கல் வைக்கிற புகையில் நின்றுகொண்டு வாயில் ஸ்பிரேயை அடித்துக்கொண்டே சாமி கும்பிடுவார். வகையறாவின் கட்டுப்பாடெல்லாம் அவர் கையில்தான். ஒரு வீட்டில் முருங்கை முளைத்தால்கூட அவர் காதுக்குப் போய்விடும்.

மொட்டை அடித்தாயிற்று. காது குத்தியாயிற்று. பிள்ளை வீறிட்டு அழுதது, எல்லோரும் சிரித்தோம். கிடா வெந்துகொண்டிருந்தது. அரிசி மூட்டையை இறக்கலாம் என்று தூக்கினேன். நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. மூட்டையைப் போட்டேன். அழுத்தம் போகவில்லை. இடது கை வழியே இறங்கி, தாடையில் ஏறியது. வேர்வை கொட்டியது. நிழலில் நிற்கிறேன், சட்டை தொப்பலாக நனைகிறது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு பயத்தை நான் பட்டதே இல்லை.

"கேஸுதான். காலையில வெறும் வயித்துல டீயக் குடிச்சிருப்பாக" என்று ஒருவன் சோடாவை உடைத்தான். இன்னொருவன் முதுகில் குத்தினான். ஓம வாட்டர் வந்தது. நான் எதையும் வாங்கவில்லை. என் மனைவி என் முகத்தைப் பார்த்த பார்வையில் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே டவர் ஒரே இடத்தில்தான் எடுக்கும், கோயில் மதில் மேல். போனை மதிலில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டு நூத்தியெட்டுக்கு அடித்தாள். அவள் பதற்றத்தில் உளறினாலும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டாள். வண்டி கிளம்பிவிட்டது, ஆள் ஒருவர் தார் ரோட்டில் போய் நின்று வழிகாட்ட வேண்டும், நான் நடக்கக் கூடாது, சாய்த்து உட்கார வைக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்கள். என் மகன் பைக்கை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் பறந்தான்.

என்னை மதிலோரம் அந்த அரிசி மூட்டை மேலேயே சாய்த்து உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பங்காளிகள். எங்கள் வேன் உள்ளே, அதற்குப் பின்னால் மூன்று வண்டி அடைத்து நின்றன. டிரைவர்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். எடுத்தாலும் அந்த மணலில் வேன் சிக்கினால் அவ்வளவுதான். நெஞ்சுக்குள்ளே ஒரு அடைப்பு, வெளியே இத்தனை அடைப்பு. தலையைத் திருப்பினால் வேட்டிதான் தெரிந்தது. காற்று விடுங்கடா என்று கத்த நினைத்தேன். சத்தம் வரவில்லை.

போனில் இப்போது ஒரு டாக்டர் பேசினார். பெண் குரல், அவசரமில்லாத குரல்.

"வண்டி வர்ற வரைக்கும் ஒண்ணு செய்யலாம். அங்க யார்கிட்டயாவது ஆஸ்பிரின் மாத்திரை இருக்கா? முந்நூறு இல்ல முந்நூத்தி இருபத்தஞ்சு எம்ஜி?"

எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"எங்கிட்ட இருக்கு" என்றாள் என் அக்கா.

என் கூடப் பிறந்தவள். போடியில் ஏலக்காய் வியாபாரி வீட்டுக்கு வாக்கப்பட்டவள். போன வருஷம் அவளுக்கு நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் சின்ன ஆஸ்பிரின் சாப்பிடுகிறாள். மறுபடி வலி வந்தால் மெல்லுவதற்கென்று பெரிய மாத்திரை அட்டை ஒன்றையும் அவளுடைய டாக்டர் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். புருஷன் வீட்டுச் சாமி அனுமதித்த மாத்திரை.

அக்கா பையைத் திறப்பதற்குள் அண்ணன் வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"ஆத்தா, வேணாம். வகையறாவுக்கு ஆகாது."

"அண்ணே, உயிர் போற நேரத்துல என்ன வகையறா?"

"உயிர் போயிரக் கூடாதுன்னுதான் சொல்றேன்!"

மதிலில் இருந்து டாக்டர் கேட்டார்: "என்ன சொல்றாங்க? அவருக்கு அலர்ஜி இருக்கா?"

"ஆமாங்கம்மா. எங்க குடும்பத்துக்கே ஆகாது. எங்க அய்யா அதத் தின்னுதான் செத்தாக" என்றார் அண்ணன்.

"குடும்பத்துக்கு ஆகாதுங்கறது இல்லைங்க. ஆளுக்குத்தான். இப்ப நெஞ்சு வலிக்கிறவரு, அவரு இதுக்கு முன்னாடி ஆஸ்பிரினோ வேற வலி மாத்திரையோ சாப்பிட்டு மூச்சுத் திணறியிருக்கா? உடம்பு தடிச்சிருக்கா? முகம் வீங்கியிருக்கா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை. என் மனைவி எனக்காகப் பேசினாள். "வலி மாத்திரை அடிக்கடி போடுவாக. ஒண்ணும் செஞ்சதில்லை."

"இழுப்பு, ஆஸ்துமா?"

"இல்லைங்க."

"வயித்துல புண்ணு? ரத்தமா வாந்தி எடுத்தது, கறுப்பா வெளிக்குப் போனது? சமீபத்துல ஏதும் ஆபரேஷன், ரத்தக்கசிவு?"

அதுவும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். பேச்சு குழறுகிறதா, வாய் கோணியிருக்கிறதா, ஒரு பக்கம் கைகால் விழுந்திருக்கிறதா என்று கேட்டார். பக்கவாதமாக இருந்தால் கொடுக்கவே கூடாது, உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் அது இன்னும் கூடும் என்றார். வலி முதுகைக் கிழிக்கிற மாதிரி இருக்கிறதா என்றும் கேட்டார். அழுத்தத்தான் செய்கிறது என்றேன். அவ்வளவுதான் பேச முடிந்தது.

"அப்ப குடுக்கலாம். ஒரு முழு மாத்திரை. முழுங்கக் கூடாது. நல்லா மென்னு திங்கணும். மென்னாத்தான் சீக்கிரம் ரத்தத்துல ஏறும்."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் அண்ணன் அசையவில்லை. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அங்கே நின்ற அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். போனில் பேசுகிற டாக்டர் யாரோ. பூசாரி கண்ணுக்கு முன்னால் நிற்கிறார்.

"பூக் கட்டிப் பாத்துருவோம்" என்றார். "சாமி சரின்னுட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

என்னைக் கோபம் பிடுங்கித் தின்றது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. என் உயிரை வைத்துக்கொண்டு இரண்டு பொட்டலம் கட்டினார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை என்றால் தின்னலாம். சாமி காலடியில் போட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் காயாத என் பேத்தியை எடுக்கச் சொன்னார்கள். காது வலியில் விசும்பிக்கொண்டே அது ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தார்கள். சிவப்பு.

"பாத்தியா" என்றார் அண்ணன். அதில் வெற்றி இல்லை. அழுகைதான் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து என் தாடையைத் தடவினார். "தம்பி, வண்டி வந்துரும்டா. கொஞ்சம் பொறுத்துக்கடா."

போனில் டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். "குடுத்தாச்சா? ஏங்க, குடுத்தாச்சா?" என் மனைவி வாயில் சேலையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறந்தால் நாளைக்கு எது நடந்தாலும் பழி அவள் தலையில் விழும், மாத்திரையைக் கொடுத்துக் கொன்றவள் என்பார்கள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். என் மேல் பாசம் இல்லாத ஒரு ஆள் அந்தக் கூட்டத்தில் கிடையாது. அத்தனை பாசமும் சேர்ந்து என்னை அங்கனயே வைத்துக் கொன்றுகொண்டிருந்தது.

அக்காதான் ஒரேயடியாகக் கத்தினாள். "ஏலே! நானும் இவனும் ஒரே வயித்துல பொறந்தவுக! தெனமும் நான் திங்குறேன், குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்! நம்ம ரத்தத்துக்கு ஆகாதுன்னா நான் எப்பவோ செத்திருக்கணுமே! டாக்டரம்மா இவனக் கேட்டுட்டுத்தான் சொல்றாக, கோடாங்கியக் கேட்டுட்டுச் சொல்லலை!"

கூட்டம் ஒரு கணம் அவள் பக்கம் திரும்பியது. அவள் கையில் அட்டை. நான் வலது கையை நீட்டினேன். என் கை அவ்வளவு நீளம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தாள். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடிக்க வந்தார்.

"விடுண்ணே" என்றேன். "செத்தா நான் சாகுறேன்."

வாயில் போட்டு மென்றேன். வாய் ஏற்கெனவே வறண்டு கிடந்தது. புளிப்பும் கசப்புமாகச் சுண்ணாம்பு மாதிரி பல்லிலே ஒட்டியது. எச்சில் ஊறவில்லை. அக்கா ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள். நாக்கால் துழாவித் துழாவி மென்றேன். "மென்னுட்டாக!" என்று அக்கா மதிலைப் பார்த்துக் கத்தினாள். "மணியப் பாத்து வச்சுக்கோங்க, வண்டியில வர்றவங்ககிட்ட சொல்லணும்" என்றார் டாக்டர்.

வலி குறையவில்லை. அது வலியைக் குறைக்கிற மாத்திரை இல்லை, குழாயில் கட்டுகிற ரத்தம் மேலும் கட்டாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை என்று பின்னால்தான் சொன்னார்கள். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு, நான் எப்போது சாகிறேன் என்று காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். மூச்சு இழுக்கிறதா, தொண்டை அடைக்கிறதா என்று ஒவ்வொரு மூச்சாக எண்ணினேன். எனக்கும் அந்தத் தடையில் நம்பிக்கை இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த நேரத்தில்தான் அண்ணன் அக்கா கையிலிருந்த அட்டையைப் பிடுங்கினார்.

"சாமி சொல்லியும் மீறியாச்சு. உன்னை மட்டும் எடுத்துட்டுப் போக விடமாட்டேன்டா. எனக்கும் சேத்து ஆகட்டும்" என்று ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

சுற்றி நின்ற மடையர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெரிய மனசு என்று ஒருத்தி அழுதாள். டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளை அவரிடம் கேட்டால்? இழுப்பு உண்டு. மூக்கில் சதை உண்டு. அவர் அப்பா செத்ததே இதனால். அங்கே இருந்தவர்களில் அந்த மாத்திரையைத் தொடவே கூடாத ஒரே ஆள் வாயில் அது கிடக்கிறது.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் தாடையைப் பிடித்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வாய்க்குள் விட்டேன். விரலைக் கடித்தார். "துப்புண்ணே! துப்பு! உனக்குத்தான்டா ஆகாது!" வாழ்க்கையில் அவரை டா போட்டது அன்றைக்கு ஒரு தடவைதான். மதிலிலிருந்து டாக்டர் குரலும் உயர்ந்தது. "யாரு சாப்பிட்டது? அவருக்கு இழுப்பு இருக்கா? உடனே துப்பச் சொல்லுங்க, வாயக் கழுவச் சொல்லுங்க!"

மாத்திரை முழுசாக வந்து மணலில் விழுந்தது. ஓரம் மட்டும் கரைந்திருந்தது. மாத்திரையை அவர் கடிக்கவில்லை. கடிக்கத் துணிவில்லாமல் வைத்திருந்தாரோ என்னவோ. அக்கா அவர் வாயில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்க வைத்தாள். நான் மூட்டை மேல் விழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வண்டித்தடத்தில் என் மகனின் பைக் முன்னால் வர, ஆம்புலன்ஸ் முள்ளை உரசிக்கொண்டு வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, நெஞ்சில் பட்டைகளை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். உதவியாளர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் நேரே தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். மாத்திரை மென்ற நேரத்தையும் அண்ணன் வாயில் போட்டுத் துப்பியதையும் அக்கா சொன்னாள். விரலில் மாட்டின கருவி என்ன காட்டியதோ, மூக்கு வாயை மூடி ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டுவிட்டார். அண்ணனின் நெஞ்சிலும் குழாயை வைத்துக் கேட்டார். லேசாக விசில் சத்தம் இருக்கிறது, இவரையும் தனியாக விடக் கூடாது, வண்டியிலேயே வரட்டும் என்றார்.

ஆகவே என்னுடன் ஏறியவர் அவர்தான். என் மனைவியும் அக்காவும் டிரைவர்கள் திரும்பிய பிறகு பின்னால் மினி லாரியில் வந்தார்கள். கதவு சாத்தியதும் பெட்டிக்குள் வைத்து அடைத்த மாதிரி இருந்தது. ஸ்ட்ரெச்சரில் பெல்ட், கையில் ஊசி, முகத்தில் மாஸ்க். ஜன்னலில் பால் கண்ணாடி, ஊர் எது வருகிறது என்றுகூடத் தெரியவில்லை. அண்ணன் ஸ்பிரேயை அடித்துவிட்டு என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். உதவியாளர் அடிக்கொரு தரம் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போன பிறகு அண்ணன் பேசினார். என்னைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துத்தான் பேசினார்.

"அன்னைக்கு அந்த மாத்திரைய நான்தான்டா வாங்கியாந்தேன். அய்யா காசு குடுத்து விட்டாக. கடைக்காரன் வேற மாத்திரைதான் குடுத்தான். அன்னைக்குப் பாத்து, அது வேணாம், நல்லாக் கேக்குற மாத்திரையா குடுன்னு சண்டை போட்டு இதை வாங்கியாந்தேன். ஓட்டமா ஓடியாந்து நானே வாயில போட்டேன். மண்டையிடி போயிரும், எந்திரிச்சு என்னைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போவாகன்னு..."

ஸ்பிரேயை எடுத்து இன்னொரு தடவை அடித்துக்கொண்டார்.

"சாமிக்கு ஆகலைன்னு கோடாங்கி சொன்னப்பதான்டா எனக்கு மூச்சே வந்துச்சு."

இத்தனை வருஷமாக எங்கள் அத்தனை வீட்டுக்கும் அவர் காவல் காத்தது எதற்கென்று அப்போது எனக்குத் தெரிந்தது. வகையறாவுக்கே ஆகாது என்றால்தான் அவர் கை தப்பும். அது அய்யா ஒருவருக்குத்தான் ஆகாது என்று ஆகிவிட்டால், அந்தப் பத்து வயதுக் கை மட்டும்தான் மிஞ்சும். அந்தத் தடையைத்தான் நான் கோயிலில் எல்லோருக்கும் முன்னால் போட்டு உடைத்திருக்கிறேன். மாத்திரையைத் தின்று சாகாமல் கிடந்து உடைத்திருக்கிறேன்.

நான் மாஸ்க்கைப் பிடித்து இறக்கினேன். உதவியாளர் "சார், எடுக்காதீங்க" என்று அதட்டினார். ஒரே ஒரு வார்த்தை என்று கையைக் காட்டினேன்.

"நீ குடுத்தது மருந்துண்ணே" என்றேன். "இழுப்புக்காரவுகளுக்கு ஆகாதுன்னு அன்னைக்கு எவனுக்குத் தெரியும்? கடைக்காரனுக்குத் தெரியுமா? பெத்த தகப்பனுக்கு மருந்துதானே குடுத்த?"

உதவியாளர் மாஸ்க்கைத் திரும்ப ஏற்றிவிட்டார். அண்ணன் இரண்டு கையாலும் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அறுபத்து நான்கு வயது ஆள், சத்தம் போட்டு அழுதார். அழுகையில் இழுப்பு வந்துவிடப் போகிறது என்று உதவியாளர் அவர் முதுகைத் தடவினார். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் மாஸ்க்கில் பனி படிந்துவிடுகிறது, கண்ணில் நிற்கிற தண்ணீரில் எதிரே இருக்கிற ஆள் தெரிவதில்லை. பாதத்தில் அவர் கைச்சூடு மட்டும் தேனி வரைக்கும் இருந்தது.